மறுமொழி: 2026 தீபாவளி ஒக்டோபர் 9 தானே?

“2025இல் ஒக்டோபர் 20. வருடம் 11 நாள் முந்துமாம். அப்படியென்றால் அடுத்தது ஒக்டோபர் 9 தானே? வெள்ளவத்தையில் மண்டபம் பதியவேண்டும்.”

பதியாதீர்கள், 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு.

அந்த 11 நாள் கணக்கு சரிதான். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் வரும், அதனால் 2024இல் ஒக்டோபர் 31 ஆக இருந்தது 2025இல் 20க்கு இறங்கியது. ஆனால் தீபாவளிக்கு வெறும் தேய்பிறைச் சதுர்த்தசி போதாது; அது ஐப்பசியில் விழவேண்டும். ஐப்பசி சூரிய மாதம், சூரியன் துலா ராசிக்குள் போகும்போது, ஒக்டோபர் 18 வாக்கில் பிறக்கும். 2025இல் சதுர்த்தசி ஐப்பசி பிறந்த கையோடு வந்ததால் தப்பியது. 2026 ஒக்டோபர் 9இலும் சதுர்த்தசி இருக்கிறது, ஆனால் அன்று புரட்டாசி. ஆகவே அடுத்த தேய்பிறை வரை, சுமார் 30 நாள், காத்திருக்கவேண்டும். முந்திய 11ஐக் கழித்தால் 19 நாள் பின்னே தள்ளுகிறது.

2027இல் மறுபடி ஒக்டோபர் கடைசிக்கு இறங்கும். அப்புறம் ஒன்று: திதி விடியலை ஒட்டி முடிகிற வருடங்களில் வாக்கியமும் திருக்கணிதமும் ஒருநாள் வேறுபடலாம். முற்பணம் கட்டமுன் உங்கள் கோயில் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறது என்று ஐயரிடம் கேளுங்கள்.