Shipped ஆகிவிட்டது, லாக்கருக்குப் போகலாமா?

"அமேசான் லாக்கருக்கு ஆர்டர் போட்டேன். Shipped என்று காட்டுகிறது, லாக்கரைத் திறக்கும் கோட் எதுவும் வரவில்லை. பஸ்ஸில் 40 நிமிடம். இப்போதே கிளம்பலாமா?"

கிளம்பாதீர்கள். டெலிவரி ஆள் பார்சலை லாக்கரின் ஒரு சிறு அறைக்குள் வைத்து மூடிய பிறகுதான் கோட் மின்னஞ்சலில் வரும். Shipped என்றால் அது இன்னும் வழியில் இருக்கிறது.

கோட் வந்தபின் எடுக்க 3 நாள் உண்டு. தவறினால் பார்சல் திரும்பிப் போய்விடும், பணம் திரும்ப வரும். அதனால் ஒரு நாள் தள்ளிப் போனாலும் பதற வேண்டாம்.

போகுமுன் Your Orders பக்கத்தில் அந்த லாக்கரின் நேரத்தைப் பாருங்கள். சூப்பர் மார்க்கெட்டுக்குள் இருந்தால் கடை திறந்திருக்கும்போது மட்டும்தான் எடுக்க முடியும். இரவு போய் மூடிய ஷட்டரைப் பார்த்துத் திரும்பியவன் நான்!

அப்புறம், சில லாக்கர்களில் திரையே கிடையாது. கோட்டை அழுத்த இடமிருக்காது. போனில் அமேசான் ஆப் இருந்து, புளூடூத் போட்டால்தான் கதவு திறக்கும். பேட்டரி முக்கியம்.

ஆர்டர் இரண்டு பார்சலாகப் பிரிந்திருந்தால் கோடும் தனித்தனி. ஒன்று வந்ததும் ஓடாமல் இரண்டாவதற்கும் காத்திருங்கள், ஆனால் முதல் பார்சலின் 3 நாள் ஓடிக்கொண்டிருக்கும்.