கரண்ட் போனாலும் நேர்காணல் அறுந்துபோகாமல் இருக்க

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வியாழக்கிழமை காலை 11 மணிக்கு ஆன்லைன் நேர்காணல். வீட்டில் பைபர் இணைப்பும் இன்வெர்ட்டரும் இருந்தும், கரண்ட் போனால் நெட்டும் போய்விடுகிறது. என்ன செய்வது?

பதில்: கோளாறு எங்கே என்பதை மோடத்தின் விளக்குகளே சொல்லிவிடும். இன்றே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மோடத்தைப் பாருங்கள். எல்லா விளக்கும் அணைந்துவிட்டால், அந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. பல வீடுகளில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே அந்த லைன் இழுத்திருப்பார்கள். ஒரு நொடி அணைந்து மீண்டும் எரிந்தால், இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியில் மோடம் புதிதாகத் தொடங்குகிறது. அது மறுபடி இணைய இரண்டு மூன்று நிமிடமாவது பிடிக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மோடத்துக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியரைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும்.

மெயினை அணைத்தபோது நெட் ஓடி, தெருவே இருண்டால் மட்டும் `LOS` என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா? அப்படியானால் கம்பத்தில் இருக்கும் கேபிள்காரரின் பெட்டிக்கு மின்சாரம் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். வீட்டுக்குள் எத்தனை யுபிஎஸ் வைத்தாலும் அது தீராது. மொபைல் டேட்டாவைத்தான் நம்ப வேண்டும்.

அதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. என் அக்கா மகன் போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து முந்தின நாளே சோதித்தான். நன்றாக ஓடியது. தேர்வன்று கரண்ட் போனதும் அதுவும் நின்றுவிட்டது. போனில் வைஃபை அணைக்கப்படவில்லை. அவன் சோதித்தது சிம் கார்டை அல்ல, போன் வழியாக வந்த அதே வீட்டு பைபரை! பதறிப்போய் அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஆறு நிமிடம் போய்விட்டது. ஆகவே போனிலும் லேப்டாப்பிலும் வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். நீங்கள் உட்காரப்போகும் அறையிலேயே, காலை 11 மணிக்கே, விண்டோஸ் லேப்டாப்பின் `Command Prompt` என்ற கட்டளைச் சாளரத்தில் இதைக் கொடுங்கள்:

```
ping -n 100 8.8.8.8
```

முடிவில் `Lost = 0` என்று வர வேண்டும். இரண்டு மூன்று தொலைந்தாலோ, `time` அடிக்கடி 300-ஐத் தாண்டினாலோ ஜன்னலோரம் மாறிப் பாருங்கள். அங்கும் அப்படியே என்றால் வேறு நிறுவனத்தின் சிம் தேவை.

ஒரு மணி நேர வீடியோ அழைப்பு 1 ஜிபிக்கு மேலும் இழுக்கும். தினசரி 1.5 ஜிபி திட்டமென்றால் அன்று காலை அந்த போனில் வீடியோ பார்க்காதீர்கள்.

வியாழனன்று கேபிளைச் செருகியே வையுங்கள். நெட் நின்றால் போனில் `USB tethering` எனப்படும் யுஎஸ்பி பகிர்வை இயக்கினால் போதும்; அழைப்பு அறுந்திருந்தால் அதே இணைப்பில் மீண்டும் நுழையலாம். இந்த வழி நேர்காணலுக்குப் பொருந்தும். கண்காணிப்புடன் நடக்கும் தேர்வுகள் பலவற்றில் அறைக்குள் போனே கூடாது. அங்கே போனுக்குப் பதிலாக சிம் போடும் சிறிய ரூட்டரை அடுத்த அறையில் வையுங்கள்.

புதன்கிழமைக்குள் மின்வாரியத்தின் பராமரிப்பு அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். உங்கள் பகுதியில் அன்று பகல் முழுக்க மின்தடை என்றால், வேறு பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய் உட்காருவதே நல்லது.