அல்சர் கிருமிக்கு மூச்சு டெஸ்ட்டா, மல டெஸ்ட்டா? முதலில் பான் 40-ஐப் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்கு எண்டோஸ்கோபியில் அல்சரும் எச். பைலோரி கிருமியும் இருக்குன்னு சொன்னாங்க. 14 நாள் மாத்திரை கோர்ஸ் மார்ச் 1-ஆம் தேதி முடிஞ்சுது. கிருமி போயிடுச்சான்னு பார்க்க மூச்சு டெஸ்ட் எடுக்கணுமா, மல டெஸ்ட் எடுக்கணுமா? முன்னாடி என்ன செய்யணும்? இப்பவும் தினமும் பான் 40 போடுறார்.

எதை எடுத்தாலும் சரி, இரண்டுமே நம்பகமானவை. ஆனால் பான் 40 போட்டுக்கொண்டே எடுத்து 'நெகட்டிவ்' என்று வந்தால் அந்தத் தாளை நம்ப முடியாது. லேபில் இந்த டெஸ்ட்டுகளை எடுப்பது என் வேலை. வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எந்த மாத்திரையை என்றைக்குப் போட்டீர்கள் என்பதைத்தான்.

காரணம் இதுதான். எச். பைலோரி, யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாகச் சுரக்கும் கிருமி. மூச்சு டெஸ்ட்டில் அடையாளம் வைத்த கார்பன் கொண்ட யூரியாவைக் குடிக்கவோ விழுங்கவோ கொடுப்போம். வயிற்றில் கிருமி இருந்தால் யூரியா உடைந்து, அந்தக் கார்பன் ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகக் கரியமில வாயுவாக வெளியே வரும், அதைத்தான் அளக்கிறோம். பான் 40-ல் இருக்கும் பான்டோபிரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மருந்து கிருமியைக் கொல்லாது. எண்ணிக்கையைக் குறைத்து, இரைப்பையின் கீழ்ப் பகுதியிலிருந்து மேலே ஒதுங்க வைத்து, யூரியேஸின் வேலையையும் மந்தமாக்கிவிடும். கிருமி உள்ளேயே இருக்க, டெஸ்ட் 'இல்லை' என்று சொல்லும். மல டெஸ்ட் கிருமியின் புரதத் துணுக்கைத் தேடுகிறது. கிருமி குறைந்தால் துணுக்கும் குறையும் என்பதால் அதற்கும் இதே கதிதான். தலைகீழாக, மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே பாசிட்டிவ் வந்தால் அதைப் பெரும்பாலும் நம்பலாம்.

அதனால் கணக்கு இப்படி. ஆன்டிபயாட்டிக்கும், சில கோர்ஸில் சேர்த்துக் கொடுக்கும் பிஸ்மத் என்ற மருந்தும் கடைசியாகப் போட்ட நாளிலிருந்து குறைந்தது நான்கு வாரம், அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தி குறைந்தது இரண்டு வாரம். அப்பாவுக்கு மார்ச் 1-ஆம் தேதி கோர்ஸ் முடிந்ததால் மார்ச் 29-க்கு முன் டெஸ்ட் வேண்டாம். அந்தத் தேதியில் எடுப்பதென்றால் கடைசி பான் 40 மார்ச் 15-ஆம் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும். நடுவில் பல் வலிக்காக மார்ச் 20 முதல் 25 வரை அமாக்சிசிலின் போட்டார் என்று வைத்துக்கொள்வோம், அப்போது கணக்கு 25-லிருந்து மறுபடி தொடங்கும், டெஸ்ட் ஏப்ரல் 22-க்குத் தள்ளிப்போகும். பல்லுக்கும் சளிக்கும் போட்ட ஆன்டிபயாட்டிக்கை யாரும் நினைவில் வைத்துச் சொல்வதில்லை, நாங்கள் கேட்டால்தான் வெளியே வரும்.

பான் 40 மட்டும் என்று நினைக்காதீர்கள். அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் 'பிரசோல்' என்று முடிகிறதா என்று பாருங்கள், பான்-டி மாதிரி கூட்டு மாத்திரைகளிலும் அது இருக்கும். அமிலத்தைக் குறைக்கப் புதிதாக வந்திருக்கும் வோனோபிரசான் என்ற மருந்துக்கும் இதே இரண்டு வாரம்தான்.

இங்கே ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அப்பாவுக்கு ஏற்கனவே அல்சரில் ரத்தம் கசிந்திருந்தாலோ, இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போடுகிறார் என்றாலோ, மூட்டு வலி மாத்திரை தொடர்ந்து எடுக்கிறார் என்றாலோ, பான் 40-ஐ நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும், இதய மாத்திரைகளை டெஸ்ட்டுக்காக நிறுத்தவே வேண்டாம். நிறுத்திய முதல் சில நாட்கள் அமிலம் திடீரென்று கூடி நெஞ்செரிச்சல் முன்பை விட அதிகமாகவே வரலாம். பலர் தாங்க முடியாமல் நடுவில் ஒரு மாத்திரை போட்டுவிட்டு எங்களிடம் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் ஜெலுசில், டைஜீன் போன்ற திரவ ஆன்டாசிட் எடுக்கலாம், டெஸ்ட் அன்று காலையில் மட்டும் வேண்டாம். அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான ஃபேமோடிடின் வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போட்டு, டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு நிறுத்திவிடுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ ரத்த வாந்தி எடுத்தாலோ டெஸ்ட்டை மறந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூச்சு டெஸ்ட் அன்று வெறும் வயிற்றில் வர வேண்டும். சில லேபில் ஆறு மணி நேரம் போதும் என்பார்கள், ராத்திரி சாப்பிட்டுவிட்டு காலையில் முதல் ஆளாக வருவது எளிது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் அன்று காலை எப்படி எடுப்பது என்று முன்னாடியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் வேண்டாம். கார்பன்-13 முறையில் முதலில் ஒரு மூச்சை எடுத்துக்கொண்டு, பிறகு யூரியாவைக் கொடுத்து, சுமார் அரை மணி நேரத்தில் இன்னொரு மூச்சு எடுப்போம். நடுவில் நடக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் உடம்பு அசைந்தால் வெளிவரும் கரியமில வாயுவின் அளவு மாறும். கேப்சூல் கொடுத்தால் கடிக்காமல் விழுங்கச் சொல்லுங்கள், வாயில் இருக்கும் வேறு கிருமிகளும் யூரியாவை உடைக்கும், அதனால் பொய்யான பாசிட்டிவ் வரலாம். கார்பன்-14 முறையில் மிகச் சிறிய அளவில் கதிர்வீச்சு உண்டு, அப்பாவுக்குக் கவலையில்லை, கர்ப்பிணிகளுக்கு அது வேண்டாம்.

மல டெஸ்ட்டுக்குப் பட்டினி தேவையில்லை. மாதிரி எடுப்பதில்தான் கெட்டுப்போகிறது. நம்மூர் கழிப்பறையில் தண்ணீரோடு கலந்ததை அள்ளிக் கொண்டுவருகிறார்கள், அது கூடாது. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, காய்ந்த பிளாஸ்டிக் ஷீட்டையோ செய்தித்தாளையோ விரித்து அதில் விழுந்ததிலிருந்து ஒரு சுண்டைக்காய் அளவு போதும். டப்பாவை லேபிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே எந்த மருந்தும் ஊற்றாத காலி டப்பாவாக இருக்க வேண்டும். சில மணி நேரத்தில் கொடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீராகப் போகும் நாளில் எடுக்க வேண்டாம், துல்லியம் குறையும்.

எதை எடுப்பது? இரண்டும் அருகில் கிடைத்தால், கார்பன்-13 மூச்சு டெஸ்ட்டைத்தான் நான் சொல்வேன், மாதிரி எடுப்பதில் தவறு வர வழி குறைவு. இரைப்பையில் ஒரு பகுதியை அறுவை சிகிச்சையில் எடுத்தவர் என்றால் மட்டும் மூச்சு டெஸ்ட் அவ்வளவு சரியாக வராது. உங்கள் ஊரில் அந்த வசதி இல்லையென்றால் மல ஆன்டிஜென் டெஸ்ட்டை நிம்மதியாக எடுங்கள். ரத்த ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிருமி போன பிறகும் பல மாதங்கள், சிலருக்கு வருடக்கணக்கில் பாசிட்டிவாகவே காட்டும்.

பாசிட்டிவ் வந்தால் பழைய மருந்துச் சீட்டையே மெடிக்கலில் நீட்டி அதே கோர்ஸை மறுபடி வாங்காதீர்கள். இந்தக் கோர்ஸில் அடிக்கடி கொடுக்கும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் இப்போது நிறைய உண்டு, ஒருமுறை தோற்ற கூட்டணியை மறுபடி கொடுப்பது வழக்கமில்லை. சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், எந்த ஆன்டிபயாட்டிக் ஏற்கனவே போட்டாயிற்று என்று தெரிந்தால்தான் அடுத்ததை அவர் முடிவு செய்ய முடியும்.