வாங்குவோர் கேள்வி-பதில்: ஒரே பிளக், இரண்டு துளைகள்

கேள்வி: ஐயா, மகளின் இணைய வகுப்புக்காக 29 வெள்ளிக்கு ஒரு ஹெட்செட் வாங்கினேன். கைபேசியில் செருகிப் பேசினால் குரல் தெளிவாக இருக்கிறது. வீட்டு மேசைக்கணினியில் ஆசிரியர் பேசுவது அவளுக்குக் கேட்கிறது, அவள் பேசுவது ஆசிரியருக்குக் கேட்கவில்லை. பழுது என்று சொல்லிக் கடையில் மாற்றலாமா?
– ஈசூன் வாசகி

பதில்: மாற்ற வேண்டாம் அம்மா. கைபேசியில் ஒலிவாங்கி வேலை செய்கிறது என்பதே ஹெட்செட் நலமாக இருப்பதற்குச் சான்று. மாற்றித் தரும் ஹெட்செட்டும் உங்கள் கணினியில் இதே போலத்தான் ஊமையாக இருக்கும்.

ஹெட்செட்டின் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உலோகத் தண்டில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால், தண்டு நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று பொருள். இன்றைய ஹெட்செட்டுகளில் பெரும்பாலும் நுனி இடக் காதுக்கும், அடுத்த பகுதி வலக் காதுக்கும், மூன்றாவது பகுதி பொதுவான தரை இணைப்புக்கும், அடிப்பகுதி ஒலிவாங்கிக்கும் உரியவை. கைபேசியின் துளை இந்த நான்கையும் தொடுமாறு அமைந்தது. கணினியின் பச்சைத் துளையோ ஒலியை வெளியே அனுப்புவதற்கு மட்டுமே உரியது. அதில் ஒலிவாங்கிக்கென்று தொடர்பே இல்லை. ஒலிவாங்கிக்கான வழி பக்கத்தில் இருக்கும் இளஞ்சிவப்புத் துளையில் இருக்கிறது, ஆனால் உங்களிடம் இருப்பதோ ஒரே பிளக்.

ஒரு முனையில் ஹெட்செட்டை ஏற்கும் ஒரு துளையும், மறுமுனையில் இரண்டு பிளக்குகளும் உள்ள ஸ்பிளிட்டர் கம்பியே இதற்குத் தீர்வு. அந்த இரண்டு பிளக்குகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். காதொலிப் படம் போட்டதைப் பச்சையிலும், ஒலிவாங்கிப் படம் போட்டதை இளஞ்சிவப்பிலும் செருகுங்கள். வாங்குவதற்கு முன் கணினிப் பெட்டியின் முன்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்: ஒலிவாங்கியோடு கூடிய ஹெட்செட் படம் பொறித்த ஒற்றைத் துளை இருந்தால், கம்பியே தேவைப்படாமல் போகலாம்.

கேள்வி: ஸ்பிளிட்டர்தான் தீர்வு என்று நண்பர் சொன்னதால் இணையத்தில் ஒன்று வாங்கினேன். அதில் ஒரு பிளக்கும் இரண்டு துளைகளும் இருக்கின்றன. இதை எப்படிக் கணினியில் பொருத்துவது?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: பொருத்த முடியாது. பெரும்பாலும் இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்பதற்கான கம்பியை வாங்கியிருப்பீர்கள். விற்பனைப் பக்கத்தில் படம் இருந்திருக்கும். அதில் துளை எத்தனை, பிளக் எத்தனை என்று எண்ணுவதற்குப் பத்து விநாடி போதும்.

ஆனாலும் முழுப் பழியையும் உங்கள்மேல் போட எனக்கு மனமில்லை, ஏனென்றால் என் மேசை இழுப்பறையிலேயே இப்படிப்பட்ட கம்பிகள் மூன்று உறங்குகின்றன. முதலாவது நீங்கள் வாங்கிய வகை. இரண்டாவதிலும் ஒரு பிளக்கும் இரண்டு துளைகளும்தான். அது நமக்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது, அதாவது இரண்டு பிளக் உள்ள பழைய கணினி ஹெட்செட்டை ஒற்றைத் துளையுள்ள மடிக்கணினியில் பொருத்த உதவுகிறது. மூன்றாவதில் ஒரு துளையும் இரண்டு பிளக்கும் சரியாகவே இருந்தன. ஆனால் துளைக்குள் ஒலிவாங்கிக்கான தொடர்பு இல்லை. ஒலியை இரண்டாகப் பிரிப்பதற்கு மட்டுமே செய்யப்பட்ட கம்பி அது. மூன்றையும் வணிகர்கள் ‘ஸ்பிளிட்டர்’ என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். வேலை வேறு, அமைப்பு வேறு, பெயர் மட்டும் ஒன்று என்றால், வாங்குபவர் எதைத் தேடுவார்? அட்டையில் ‘3.5 மில்லிமீட்டர்’ என்று பெரிதாக அச்சிடுகிறார்கள். இந்த மூன்று கம்பிகளுக்கும் பொதுவான அந்த அளவால் நமக்கு எந்தப் பயனும் இல்லை. கைபேசி ஹெட்செட்டைக் கணினியில் இணைப்பதற்கு என்று ஒரு வரி எழுத அவர்களுக்கு மையா தீர்ந்துவிட்டது?

கேள்வி: சரியான கம்பியை வாங்கி, ஒலிவாங்கிப் பிளக்கைக் கணினியின் பின்புறம் நீலத் துளையில் செருகினேன். சத்தமே இல்லை.
– ஜூரோங் வாசகர்

பதில்: இளஞ்சிவப்பில் செருகுங்கள்.

கேள்வி: கம்பியும் சரி, துளைகளும் சரி. ஆனால் நான் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கிசுகிசுப்பதுபோல் இருக்கிறது என்று அலுவலகத் தோழர்கள் சொல்கிறார்கள். கணினியில் விண்டோஸ் 11.
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: முதலில் குரல் கணினிக்குள் வருகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் விசையையும் R விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் இதைத் தட்டுங்கள்:

```
mmsys.cpl
```

திறக்கும் சாளரத்தில் Recording பகுதிக்குச் சென்று, ஒலிவாங்கியை விரலால் மெல்லத் தட்டுங்கள். பக்கத்தில் உள்ள பட்டையில் பச்சைக் கோடுகள் சிறிதளவு எழுந்தால், கம்பி தன் வேலையைச் செய்கிறது, குறை அளவில்தான். அந்த ஒலிவாங்கியை இருமுறை சொடுக்கி, Levels பகுதியில் Microphone Boost என்பதை முதலில் 10 டெசிபல் உயர்த்திப் பேசிப் பாருங்கள், போதாவிட்டால் 20. அதற்கு மேல் போனால் குரலோடு மின்விசிறியின் இரைச்சலும் சேர்ந்து உயரும். சில கணினிகளில் இந்த வசதியே காட்டப்படாது. அங்கே ஒலியளவை 100 வரை உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கோடுகள் அசையவே இல்லையென்றால், ஹெட்செட்டின் பிளக்கைக் கம்பியின் துளைக்குள் ‘டக்’கென்று உட்காரும்வரை அழுத்துங்கள், ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் நான்கு தொடர்புகளும் இடம் மாறிப்போகும். பெட்டியின் முன்புறத் துளைகளைப் பயன்படுத்தினால் பின்புறத்துக்கு மாற்றிப் பாருங்கள், ஏனெனில் முன்புறத் துளைகளின் கம்பியைத் தாய்ப்பலகையில் இணைக்காமலே விற்கப்பட்ட பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஹெட்செட் மிகப் பழையது என்றால் இன்னொரு வாய்ப்பு உண்டு. முற்காலக் கைபேசிகள் சிலவற்றில் தரை இணைப்பும் ஒலிவாங்கியும் இடம் மாறியிருந்தன. காதில் பாட்டு வெறுமையாகக் கேட்டு, கம்பியில் உள்ள பொத்தானை அழுத்தியதும் தெளிவாகிறது என்றால், அதுதான் காரணம். அந்த ஹெட்செட்டுக்கு இந்த ஸ்பிளிட்டர் உதவாது.

கேள்வி: ஒலிவாங்கி வேலை செய்யவில்லை என்று கணினியை ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். தாய்ப்பலகையில் ஒலிப்பகுதி செத்துவிட்டது என்று சொல்லிப் புதிய ஒலி அட்டை பொருத்தி 90 வெள்ளி வாங்கினார்கள். வீட்டுக்கு வந்தும் அதே கதை. பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுவந்த கம்பியால்தான் சரியானது. எனக்கு வயது 68.
– அங் மோ கியோ வாசகர்

பதில்: ஐயா, நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டீர்கள். அவர் ஹெட்செட்டின் பிளக்கைக்கூடப் பார்க்காமல் பணத்தைப் பார்த்திருக்கிறார்.

தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தேவை என்று சொல்வது, சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின்கீழ் நியாயமற்ற நடைமுறை. முதலில் சான்றைத் திரட்டுங்கள். அந்தப் பையனின் கம்பியைப் புதிய அட்டையிலிருந்து கழற்றி, தாய்ப்பலகையிலேயே உள்ள பழைய பச்சை, இளஞ்சிவப்புத் துளைகளில் செருகி, பழைய ஒலிப்பகுதியை Recording பட்டியலில் தேர்ந்தெடுத்துப் பேசச் சொல்லுங்கள். அங்கும் குரல் பதிவானால், ‘செத்துவிட்டது’ என்று அவர்கள் சொன்னது உண்மையல்ல என்பது வெளிச்சமாகிவிடும். இதைக் கைபேசியில் காணொளியாகப் பிடித்து, ரசீதின் நகலோடு கடைக்கு எழுத்துமூலம் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கும் அசையாவிட்டால், சிறு தொகைக் கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டணத்தில் மனுச் செய்யலாம். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது என்பதால் கடைக்காரரும் உங்களைப் போலத் தாமே வந்து பேச வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்தாக வேண்டும். ரசீதை வெயில் படாத இடத்தில் வையுங்கள், கடைகளின் வெப்பத்தாள் ரசீதுகள் சில மாதங்களிலேயே வெளுத்துவிடுகின்றன.