பெயிண்ட் காசு யார் தலையில்? வாடகை வீட்டுக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: வீட்டை விட்டுப் போனோம், டிபோசிட் குறைந்து வந்தது, ஏன் என்று வீட்டுக்காரர் சொல்லவில்லை. எனவே மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன்.

கொட்டாஞ்சேனை வாசகர்: கழிவுக்குக் காரணம் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதினால் போதாதா?

போதாது. கடிதமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள். அதே கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடலாம். குரல் பதிவு மட்டும் வேண்டாம். கோபத்தில் பேசியது பின்னால் உங்களுக்கே ஆப்பாகும்.

தெஹிவளை வாசகர்: "எனக்கு நிறையக் காசு பிடித்துவிட்டார்கள். எவ்வளவு திரும்ப வரும்?"

தம்பி, எவ்வளவு கட்டினீர்கள், எவ்வளவு வந்தது, எத்தனை வருடம் இருந்தீர்கள், எதற்கென்று கழித்தார்கள், ஒன்றும் எழுதவில்லை. ஒப்பந்தம் இருக்கிறதா என்றுகூட இல்லை. நான் சாத்திரம் பார்ப்பவன் இல்லை. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் கடிதத்தின் பாதி அப்போதே முடிந்துவிடும்.

வெள்ளவத்தை வாசகி: மூன்று வருடம் கடற்கரைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். மாத வாடகை 65,000, மூன்று மாத டிபோசிட் 195,000. 10ஆம் திகதி திறப்பைக் கொடுத்தோம். மூன்று கிழமை கழித்து 102,000 வங்கிக்கு வந்தது. "பெயிண்ட் 60,000, பாசின் 12,000, கிளீனிங் 8,000, லைட் பில் 13,000 கழிச்சாச்சு" என்று ஒரு மெசேஜ். பாசின் எங்கள் கையால் உடைந்ததுதான். மகன் ஒரு அறைச் சுவரில் கிரையோனால் கீறியிருந்தான். எப்படி எழுதுவது?

இப்படிக் கேட்டால் பதில் சொல்ல எனக்கும் ஆசை வருகிறது. கழித்தது மொத்தம் 93,000. அதில் பெரியது பெயிண்ட். இதைப் பற்றி நான் பல தடவை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

நம் ஊரில் பின்பற்றப்படும் ரோமன் டச்சுச் சட்டப்படி, வாடகைக்கு இருந்தவர் வீட்டை எடுத்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், நியாயமான தேய்மானம் நீங்கலாக. அந்தக் கடைசி மூன்று சொற்களைத்தான் வீட்டுக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். கடல் காற்று படும் சுவர் மூன்று வருடத்தில் மங்கத்தான் செய்யும். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரியும். யார் குடியிருந்தாலும் இது நடக்கும். அடுத்த ஆளுக்கு வீட்டைப் புதிதாகக் காட்ட அடிக்கும் பெயிண்டைப் போனவர் காசில் அடிப்பது, பழைய சட்டையைக் கொடுத்துப் புதுச் சட்டை வாங்குவது மாதிரி.

கிரையோன் வேறு கதை. அது சேதம், உங்கள் பொறுப்பு. ஆனால் அந்த ஓர் அறைக்குத்தான். மூன்று அறையும் ஹோலும் சேர்ந்து 60,000 என்றால் ஓர் அறைக்கு சுமார் 15,000. பெயிண்ட் ஐந்து வருடம் நிற்கும் என்று வைத்தால், மூன்று வருடத்தை நீங்கள் வாடகை கட்டியே தீர்த்துவிட்டீர்கள். மிச்சம் இரண்டு வருடப் பங்கு, அதாவது 6,000. ஐந்து வருடம் என்பது சட்டத்தில் உள்ளதல்ல, பேசித் தீர்க்க நான் வைக்கும் அளவு. நீங்கள் குடிவரும்போதே பெயிண்ட் பழையதாக இருந்தால் அதுவும் குறையும்.

லைட் பில்லிலும் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் 10ஆம் திகதி போய்விட்டீர்கள். பில் அதற்குப் பிறகு எடுத்த வாசிப்புக்கு வந்திருந்தால், பெயிண்ட் அடித்த பாஸ்மார் ஓடவிட்ட ஃபேனும் அதில் இருக்கும். வீட்டுப் பாவனைக்கு அலகு கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுவதால், அந்தக் கடைசி அலகுகள் மொத்த பில்லையே தூக்கிவிடும். திறப்புக் கொடுத்த அன்று மீட்டரைப் படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் சண்டையே இல்லை. எடுக்காதவர்களுக்கு: அடுத்த வீட்டிலாவது எடுங்கள்.

ஆனால் இந்தக் கணக்கையெல்லாம் முதல் கடிதத்தில் காட்டாதீர்கள். 6,000 என்று நீங்கள் வாய் திறந்தால் பேரம் அங்கிருந்து மேலே போகும். முதல் கடிதம் கேட்கிற கடிதம். "ஏமாற்றிவிட்டீர்கள்" என்ற சொல்லும் வேண்டாம். சுமாராக இப்படி:

"மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் வீட்டில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்து, கடந்த 10ஆம் திகதி திறப்பை ஒப்படைத்தோம். தங்களிடம் இருந்த டிபோசிட் 195,000 ரூபாவில் 102,000 ரூபா கிடைத்தது. இதை முழுக் கணக்காக அல்லாமல், ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொள்கிறேன்.

கழித்த 93,000 ரூபாவுக்குப் பின்வரும் விபரங்களைத் தரவும். பெயிண்ட் 60,000: எந்தெந்த அறை, என்ன காரணம், கடைசியாக எப்போது பெயிண்ட் அடிக்கப்பட்டது, கூலிக்கும் சாமானுக்கும் பில். கிளீனிங் 8,000: என்ன வேலை, யார் செய்தது. மின்சாரம் 13,000: பில்லின் பிரதி, வாசிப்பு எடுத்த திகதி. பாசின் உடைந்தது எங்கள் தவறு. அதற்கான தொகையை பில் பார்த்து ஏற்றுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். பாசினை நீங்களாகவே ஒப்புக்கொண்ட வரியை வெட்டிவிடாதீர்கள். மற்ற மூன்றையும் நீங்கள் சும்மா மறுக்கவில்லை என்று காட்டுவது அந்த ஒரு வரிதான்.

பம்பலப்பிட்டி வாசகர்: மேசன் பாஸ் பில் தரவில்லை என்று வீட்டு அன்ரி சொல்கிறார்.

உண்மையாக இருக்கலாம், நம் பாஸ்மார் பில் புத்தகம் கொண்டு திரிவதில்லை. அப்படியானால் பாஸின் பெயர், செய்த வேலை, நாள், வாங்கிய தொகை எழுதிய ஒரு துண்டில் அவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். சாமானுக்கு ஹாட்வெயார் கடை பில் கட்டாயம் இருக்கும். இரண்டும் இல்லையென்றால் அந்த வேலை நடந்ததா என்றே கேட்கலாம், மரியாதையாக.

மட்டக்குளி வாசகர்: இப்படி ஏமாறாமல், கடைசி மூன்று மாத வாடகையைக் கட்டாமல் டிபோசிட்டில் கழிக்கச் சொன்னால் என்ன?

ஒப்பந்தம் அனுமதித்தால் ஒழிய வேண்டாம். வாடகைப் பாக்கி வைத்தவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அப்புறம் எந்தக் கழிவுக்கும் காரணம் கேட்கும் தகுதி இருக்காது.

கிருலப்பனை வாசகி: பதிவுத் தபாலில் அனுப்பி ஒரு மாதம். பதிலே இல்லை. பிடித்தது 40,000. வழக்குப் போடவா?

உடனே வேண்டாம். முதல் கடிதத்தின் பிரதியோடு ஒரு சிறு நினைவூட்டல், ஒரு கிழமை தவணை. அதற்கும் வாய் திறக்காவிட்டால் மத்தியஸ்த சபை. இவ்வளவு சிறிய தொகைக்கு நீதிமன்றம் போகுமுன் அங்கே போயாக வேண்டும். இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடுதான் வழக்கு. அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். எந்தச் சபை, எந்த நாளில் கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். ஒப்பந்தம், இரண்டு கடிதம், இரண்டு தபால் துண்டு, வங்கிப் பதிவு, படங்கள், இவ்வளவையும் ஒரு ஃபைலில் கொண்டு போங்கள். பலருடைய ஒப்பந்தம் நொத்தாரிசு முன் எழுதாத வெறும் தாளாகத்தான் இருக்கிறது. அதையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். டிபோசிட் கட்டியதற்கு அதில் வீட்டுக்காரரின் கையெழுத்து இருக்கிறது.

பெயர் எழுதாதவர்: மீதிக் காசைத் தரும்போது "இனிக் கணக்கு எதுவும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

முழுக் காசு வந்தால் போடுங்கள். குறைந்து வந்தால், பெற்ற தொகையை மட்டும் எழுதி, திகதி இட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.