டொமைன் கணக்கு பழைய தன்னார்வலர் கையில்: எங்கே தொடங்குவது?

"எங்கள் அறக்கட்டளையின் டொமைன் கணக்கு, விலகிய தன்னார்வலரின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. பாஸ்வேர்டு வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது. எங்கே தொடங்குவது?"

வணக்கம். முதலில் அந்த ஜிமெயிலை மாற்றுங்கள். அது இருக்கும்வரை, நீங்கள் எத்தனை முறை பாஸ்வேர்டை மாற்றினாலும் "Forgot password" அழுத்தி அவரால் உள்ளே வந்துவிட முடியும். அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே கூப்பிட்டு மாற்றிவிடுங்கள். புது முகவரி உங்கள் டொமைனிலேயே இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுவிடும், புதுப்பிக்க உள்ளே போகவே முடியாது. அறக்கட்டளை பெயரில் தனி ஜிமெயில் போதும்.

அப்புறம் புது பாஸ்வேர்டு வைத்து, பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் செயலியான பிட்வார்டனில் போடுங்கள். பாஸ்வேர்டுகளைப் பகிர அதில் உள்ள இலவச Organization-இல் இருவர்தான் சேரலாம். செயலாளரும் பொருளாளரும் என்றால் சரி. ஒவ்வொரு பதிவின் Notes பகுதியிலும் இப்படி எழுதுங்கள்:

```
பொறுப்பு: செயலாளர்
மாற்று: பொருளாளர்
OTP வரும் போன்: பொருளாளர்
மீட்பு அஞ்சல்: அறக்கட்டளை ஜிமெயில்
புதுப்பிக்கும் மாதம்: மார்ச்
```

பலர் தவறவிடுவது OTP வரியைத்தான். பாஸ்வேர்டு கையில் இருந்தும், போன் வெளியூரில் இருந்தால் வேலை நின்றுவிடும்.

ஒருவர் விலகினால் பிட்வார்டனிலிருந்து நீக்குவது மட்டும் போதாது. பார்த்த பாஸ்வேர்டை அவர் எழுதி வைத்திருக்கலாம். அவர் பார்த்தவை எல்லாவற்றையும் அன்றே மாற்றுங்கள்.