ஒன்றரை ரூபாய் வட்டியும் வாய்மொழித் தேர்வும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

வணிகவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தருமபுரிப் பக்கம் பல மகளிர் குழுக்களின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். ஆய்வேட்டுத் தேர்வாளராகவும் போய் உட்கார்ந்திருக்கிறேன். மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றி ஆய்வேடு எழுதி, வாய்மொழித் தேர்வில் உரை நிகழ்த்தப் போகும் மாணவர்களின் கேள்விகளே இங்கே பெரும்பாலும்.

அரூர் மாணவி: சுய உதவிக் குழுவை நபார்டு 1992-இல் தொடங்கியது என்று உரையை ஆரம்பிக்கலாமா, ஐயா?

பாதி சரி. 1992-இல் நபார்டு தொடங்கியது குழுக்களை வங்கியோடு இணைக்கும் முயற்சியை. முதலில் 500 குழுக்கள் என்று இலக்கு வைத்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழகத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கியது நம் தருமபுரியில்தான். அன்று கிருஷ்ணகிரியும் இதே மாவட்டம், 2004-இல்தான் பிரிந்தது. அரூரிலிருந்து வந்து இதை விட்டுவிட்டால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

ஊத்தங்கரை மாணவர்: எத்தனை ஸ்லைடு வைக்கலாம்?

பத்து நிமிடத்துக்கு எட்டு.

பாலக்கோடு மாணவி: குழுவில் மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி. எங்கள் ஊர் தனியார் நிதிக்காரரும் ஒன்றரை ரூபாய்தான் வாங்குகிறார். இரண்டும் சமம் என்று என் உரையில் இருக்கிறது. சரிதானா?

தேர்வாளர் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். ஓர் உறுப்பினர் 30,000 ரூபாய் வாங்கி, மாதம் 3,000 அசலாகப் பத்து மாதத்தில் அடைக்கிறார் என்று வையுங்கள். குழுவில் மீதி அசலுக்குத்தான் வட்டி. முதல் மாதம் 450, அடுத்த மாதம் 405, பிறகு 360 என்று இறங்கி, கடைசி மாதம் 45-இல் முடிகிறது. மொத்தம் 2,475.

நிதிக்காரர் முதலில் கொடுத்த 30,000-க்கே கடைசி வரை வட்டி போட்டால், மாதம் 450 வீதம் 4,500 ஆகிறது. குழுக் கணக்குப்படி பார்த்தால் அது ஒன்றரை ரூபாய் வட்டியே இல்லை. இரண்டே முக்கால் ரூபாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு.

யாரையும் கேட்க வேண்டாம், கடன் தவணை அட்டையைத் திறந்து வட்டிக் கட்டத்தைப் பாருங்கள். மாதாமாதம் குறைந்தால் ஒன்று, ஒரே எண் நின்றால் மற்றொன்று. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நுண்கடன் நிறுவனம் என்றால் எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதத்தை எழுதிய தாளைத் தர வேண்டும். 2022 முதல் இது விதி. உரையில் “வட்டி வீதம் ஒன்று, வட்டி போடும் அசல் வேறு” என்று சொல்லிவிட்டு, இரண்டு அட்டைகளையும் ஒரே ஸ்லைடில் அருகருகே காட்டுங்கள்.

காவேரிப்பட்டணம் ஊக்குநர்: எங்கள் குழுவில் இரண்டு ரூபாய் வட்டி. அது எங்கள் பொது நிதிக்கே திரும்பி வருகிறது. எங்களை நிதிக்காரரோடு ஒரே ஸ்லைடில் நிறுத்தலாமா?

கோபம் நியாயம்தான், அம்மா. ஆனால் வட்டி எல்லோருக்கும் ஒரே அளவில் திரும்புகிறதா? நான் பார்த்த ஒரு பேரேட்டில், புளி வாங்கிக் கொட்டை எடுத்து விற்கும் இரண்டு பேர்தான் திரும்பத் திரும்பக் கடன் வாங்கியிருந்தார்கள். மற்றவர்கள் சந்தா மட்டும் கட்டினார்கள். ஆண்டு முடிவில் பங்கு மட்டும் எல்லோருக்கும் சமம். அந்த இருவர் கட்டிய வட்டியில் மற்றவர்கள் லாபம் பார்த்தார்கள்.

அதே ஊக்குநர்: அவர்கள் வாங்கிய கடனே மற்றவர்களின் சந்தாப் பணம்தானே? புளிப் பருவத்தில் வேறு யார் கொடுப்பார்கள்?

அதுவும் உண்மை. மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

பென்னாகரம் மாணவர்: என் அம்மா குழுக் கடனில் கறவை மாடு வாங்கினார். பெண் தொழில்முனைவோருக்கு எங்கள் வீட்டையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா?

பால் சொசைட்டி அட்டை யார் பெயரில் இருக்கிறது, தம்பி? பால் பணம் யார் கைக்கு வருகிறது? மாட்டை விற்பதென்றால் யார் முடிவு செய்வார்? மூன்றுக்கும் அப்பா என்றால் அம்மா கடன்காரர்; தொழில்முனைவோர் அல்ல. இதை எத்தனை முறை சொல்வேனோ தெரியவில்லை: குழு உறுப்பினர்களை எண்ணி, அந்த எண்ணிக்கையைத் தொழில்முனைவோர் எண்ணிக்கையாக எழுதாதீர்கள்.

ஓசூர் மாணவி: ஒன்றரை ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம்தானே?

எந்த அசலுக்கு? பாலக்கோடு கேள்வியைப் படியுங்கள்.

பர்கூர் மாணவர்: வட்டிக் கணக்கை மறுபடி விளக்க முடியுமா?

பாலக்கோடு.

பாலக்கோடு மாணவி: ஐயா, அட்டையைப் பார்த்தேன். எங்கள் குழுவிலும் மாதாமாதம் ஒரே எண்தான் இருக்கிறது.

அப்படியானால் உங்கள் முடிவுரை மாறுகிறது. தீர்மானப் புத்தகத்தில் அந்த வட்டியை முடிவு செய்த கூட்டத்தின் பக்கத்தைத் தேடி எடுங்கள். ஊக்குநர் அம்மாவுக்கும் எனக்கும் நடந்த வாதத்தை அதற்குப் பிறகு தொடரலாம்.